சீதா அக்கா திருத்திய காம்பராக் கதை

என் அக்கா சீதாதேவிக்கு இடது காது கேட்காது. அதற்குக் காரணம் அவள் புருஷன் சுரேந்திரன். பாதிக் காரணம் நான். ரப்பர் பால் வாளியால் அடித்தது அவன். அடிக்கும்போது சொல்வதற்கு வசனம் கொடுத்தது நான்.

தெஹியோவிட்ட டவுனில் பயாஸ் நானாவின் போன் கடையில் எனக்கு வேலை. உடைந்த கண்ணாடி மாற்றுவேன், சார்ஜ் ஏறாததை ஏற வைப்பேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் வேறு வேலை. மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மத்தியானம், மஞ்சள் தண்ணி ஊற்றும் நேரத்தில், கோவில் முன்னால் போட்ட மேடையில் நான் பபூன். மூஞ்சியில் மாவு, தலையில் ரப்பர் ஷீட்டில் செய்த தொப்பி. பத்து வருஷமாக நான்தான்.

அந்த ஒரு நாளுக்கு ஒரு முறை இருக்கிறது. மச்சான் முறை உள்ளவனை என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம், வாளியோடு மஞ்சள் தண்ணியைத் தலையில் கவிழ்க்கலாம். அவன் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அவன் தோற்றான், தோட்டமே சிரிக்கும். அதனால் பபூன் தன் கதையில் வருகிற முட்டாளுக்கு மச்சான் பேரைத்தான் வைப்பான். வேறு யார் பேரை வைத்தாலும் வெட்டுக்குத்தாகிவிடும். எனக்கு இருந்தது ஒரே மச்சான்.

ஜனங்கள் கேட்பதும் ஒரே கதைதான். காம்பராக் கதை என்பார்கள். எனக்கு முன்னால் பபூனாக இருந்தவர் சொன்னது, அவருக்கு முன்னால் யாரோ சொன்னது. எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பத்துக் காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். பத்துக்கும் ஒரே கதவு, ஒரே பச்சைப் பெயிண்ட், ஒரே தகரக் கூரை. கதை அதில்தான் நிற்கிறது.

கசிப்புச் சாராயம் குடித்துவிட்டு ஒருத்தன் வருகிறான். குப்பி லாம்பும் அணைந்து கிடக்கிற இருட்டு. கதவை உதைத்துத் திறக்கிறான். சோறு எங்கேடி என்கிறான், மூலையில் இருக்கிறவளைப் போட்டு மிதிக்கிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்கிறாள். களைத்துப் படுத்துவிடுகிறான். விடிந்து பார்த்தால் அது அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டி. "ஏன் தங்கச்சி சொல்லல?" என்று பதறுகிறான். அவள் சொல்கிறாள்: "எனக்கு எப்படிண்ணே தெரியும்? எல்லா வீட்லயும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வருவாரு, இப்படித்தான் அடிப்பாரு."

நானும் பத்து வருஷம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு மிதிக்கும் மேடைப் பலகையைக் காலால் இடிப்பேன். ஆண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சுரேந்திரன் முன்வரிசையில் நின்று, தன் பேர் வரும்போது கையைத் தூக்கிக் காட்டுவான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களும் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல மடையன் தோட்டத்தில் இல்லை.

போன வருஷத் திருவிழா முடிந்து இரண்டாம் நாள் அவிசாவளை ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். மூஞ்சியின் ஒரு பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. காதுக்குள் பஞ்சு. ஏன் அடித்தான் என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான்டா. ஆனா இந்தத் தடவ ஒவ்வொரு அடிக்கும் உன் வசனத்தச் சொன்னாரு. எல்லா வீட்லயும் இப்படித்தான்டி, எல்லா வீட்லயும் இப்படித்தான்டின்னு. வாளி காதுல பட்டதுக்கு அப்புறம் அவரு வாய் மட்டும் அசைஞ்சுச்சு, சத்தம் வரல" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே வாந்தி வந்தது. வராந்தாவுக்கு ஓடிப் போய் எடுத்தேன்.

பொலிசுக்குப் போகலாம் என்றேன். அதற்குள் கோவில் கமிட்டித் தலைவர் செல்லையா பழப் பையோடு வந்துவிட்டார். தோட்டத்து விஷயம் தோட்டத்தோடு இருக்கட்டும் என்றார். சுரேந்திரன் கட்டிலருகே நின்று அழுதான். அக்கா வாயைத் திறந்த இரண்டு தடவையும் செல்லையா, "நீ படும்மா, நான் பேசுறேன்" என்றார். பேசி முடித்து அவளை அதே காம்பராவுக்கு அனுப்பி வைத்தார்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நான் மேடை ஏறமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் பால் வெட்டு முடித்து மலையில் இருந்தாள். ரப்பர் மரத்தைக் காலையில் வெட்டிவிட்டால், சிரட்டையில் பால் சொட்டி நிற்கிற வரைக்கும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுரேந்திரன் வேறு பிரிவில் லொறிக்குப் பால் ஏற்றுகிறவன். அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்குச் சொந்தம்.

"நீ ஏறலன்னா இன்னொருத்தன் ஏறி அதையே சொல்லுவான். அதுக்கு நீயே சொல்லு. ஆனா அந்தப் பொம்பளைய மிதிக்காம சொல்லு" என்றாள்.

"மிதி இல்லாட்டி அதுல என்னக்கா இருக்கு?"

"இருக்கான்னு பாரு."

கடை மூடுகிற பௌர்ணமிப் போயா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மலைக்குப் போனேன். அவள் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கல்லில் உட்காருவாள். நான் நின்றுகொண்டு சொல்வேன்.

முதலில் மிதியை எடுத்துவிட்டு ஏச்சு மட்டும் வைத்தேன். 'எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஏசுவாரு' என்று முடித்தேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அடுத்த தடவை பெண்டாட்டி புருஷனை உலக்கையால் சாத்துகிற மாதிரி மாற்றினேன். நடுவில் சிரித்துவிட்டாள். கடைசி வரிக்குச் சிரிக்கவில்லை.

"என்னக்கா?"

"பொம்பள அடிக்கிறான்னதுமே சிரிப்பு வந்து போயிருச்சு. அப்புறம் வீடு மாறிப் போச்சுன்னு சொன்னா யாருக்கு வேணும்? ஒரு கதையில ஒரு எடத்துலதான் தூக்கிப் போடணும். அதோட, இப்பவும் அடியத்தான்டா சிரிக்கச் சொல்ற. ஆள்தான் மாறியிருக்கு."

குடிகாரனைப் பெல்மதுளைப் பக்கத்து மாணிக்கக் கல் தோண்டுகிற சிங்களவனாக்கிப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே, நாளைக்கு எவனாவது அதைப் போனில் எடுத்துப் போட்டால் நம் லயம் இருக்குமா என்று கேட்டாள். வீடு மாறுகிற விஷயத்தையே எடுத்துப் பார்த்தேன். அப்போது கதையே இல்லை, ஒரு குடிகாரன் வந்தான் படுத்தான் அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக ஜனங்கள் மிதிக்குச் சிரிக்கிறார்கள் என்று பலகையை இடித்துக்கொண்டிருந்தேன். கதை தூக்கிப் போடுகிற இடம் மிதியில் இல்லை, கதவில் இருக்கிறது. தன் வீடு என்று நினைத்தது தன் வீடு இல்லை. அது மட்டும்தான் மாறக் கூடாது. மற்றதெல்லாம் அதைக் கடைசி வரைக்கும் ஒளித்து வைக்கிற வேலை. அதற்கு மிதிதான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

"அக்கா, பொம்பள ஏன் பேசாம இருக்கா? அவளுக்கும் தெரியாது, இருட்டு. அத மாத்தினா வேற வீட்டுக் கதவுன்னு தெரிஞ்சிரும்" என்றேன்.

அவள் சிரட்டையில் விழுந்திருந்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "அவளுக்குத் தெரியாதுன்னு எந்த ஆம்பளடா எழுதினான்? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சிரும் வர்றது யாருன்னு. வாசப்படியில கால் வைக்கிறப்பவே தெரிஞ்சிரும், இன்னைக்கு எவ்வளவு விழும்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டாத்தானே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் பால் சொட்டி நிற்கிற வரைக்கும் நாங்கள் நிறுத்தவே இல்லை.

குப்பி லாம்பு போய்விட்டது. இப்போது கரண்ட் கட், அவன் போனில் சார்ஜ் இல்லை. உள்ளே வருகிறான். அவள் ஏதோ சொல்ல வருகிறாள். எதுத்துப் பேசுறியா என்று சோத்துச் சட்டியை எடுத்து அடிக்கிறான், என் வீடு, என் சட்டி, நான் உடைப்பேன் என்கிறான். மறுபடி வாயைத் திறக்கிறாள். மின்விசிறி போகிறது. மறுபடி. டிவி போகிறது. அவள் மேல் ஒரு விரல் படவில்லை. உடைகிற சாமான் ஒவ்வொன்றும் முந்தினதைவிட விலை கூடியது, அவள் பேச்சு ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் குட்டை.

அவள் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. 'அண்ணே' என்றால் அந்த இடத்திலேயே குட்டு உடைந்துவிடும், பெண்டாட்டி புருஷனை அண்ணே என்பாளா. பேசாமலே இருந்தால் அது பழைய கதை. 'இந்தாங்க' என்று ஆரம்பிக்கச் சொன்னாள் அக்கா. புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவாள், பக்கத்து வீட்டுக்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவாள். கேட்கிறவன் தானாகவே பெண்டாட்டி என்று நினைத்துக்கொள்வான். நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

உடைக்க ஒன்றும் மீதமில்லாமல் அவன் களைத்து உட்காருகிறான். "இப்பச் சொல்லுடி. என்ன சொல்ல வந்த?" என்கிறான். அவள் சொல்கிறாள்: "உங்க வீடு அடுத்த காம்பராண்ணே."

"அதோட வாய மூடிரு. நீ எப்பவும் அப்புறமும் ரெண்டு வார்த்த பேசுவ. பேசாத" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு. அவரு பேர வைக்காத. சும்மா ஒருத்தன்னு சொல்லு."

சரி என்றேன்.

திருவிழாவின் கடைசி நாள் நல்ல வெயில். எல்லார் சட்டையும் மஞ்சள். சுரேந்திரன் முன்வரிசையில், சொட்டச் சொட்ட, கசிப்பின் சந்தோஷத்தில் நின்றான். பெண்கள் பக்கம் தேங்காய் உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அக்கா. செல்லையா மேடை ஓரத்தில் இன்னொரு மைக்கோடு.

"ஒருத்தன் வந்தான்" என்று ஆரம்பித்தேன். உடனே கூட்டம் கத்தியது. பேரு, பேரு என்றார்கள். சுரேந்திரன் கையைத் தூக்கிவிட்டான், இன்னும் கூப்பிடவே இல்லை, அதற்குள் தூக்கிவிட்டான். அந்தக் கையைப் பார்த்தேன். வாளி பிடித்த கை. அக்காவுக்குக் கொடுத்த வார்த்தை எனக்கு மறக்கவில்லை. மறந்தது என்று சொன்னால் பொய். இந்த நாய் ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன். மஞ்சள் தண்ணி நாள்தானே, கோபிக்க முடியாதே என்றும் நினைத்தேன்.

"எங்க மச்சான் சுரேந்திரன்" என்றேன்.

சட்டி உடைந்தது. ஆண்கள் வழக்கம் போல மிதிக்காகக் காத்திருந்தார்கள். மின்விசிறி உடைந்தது. மிதி வரவில்லை. டிவி உடையும்போது பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கடைசி வரியைச் சொல்லிவிட்டு வாயை மூடினேன். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாயை மூடிக்கொள்ளாத சிரிப்பு. இலட்சுமி அக்கா என்று பத்தாம் நம்பர் பகுதி மரங்களில் பால் வெட்டுகிறவள், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஆண்களுக்கு அது பிறகுதான் தொற்றியது. எல்லாரும் சுரேந்திரனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முறைப்படி அவன் ஒரு வாளி மஞ்சள் தண்ணியை எடுத்து என் மேல் அடித்திருக்க வேண்டும். அவன் என் பக்கம் வரவே இல்லை. திரும்பி, கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனான். அக்காவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, அவள் தலையைத் தேங்காய்க் கல்லில் மோதினான். மைக்கில்லாமலே அந்தச் சத்தம் மேடைக்குக் கேட்டது.

"நீதான்டி சொல்லிக் குடுத்த" என்றான்.

"இந்தாங்க, நான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"எதுத்துப் பேசுறியா?"

அதே வார்த்தை. கதையில் வந்த அதே வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. அவனுக்கே தெரியாமல் வந்தது. கூட்டத்தில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். சுரேந்திரன் குனிந்து, தேங்காய் வெட்டுகிற கத்தியைக் கையில் எடுத்தான்.

நான் மேடையிலிருந்து குதித்தேன். முதல் வெட்டு அக்காவின் தோளை நோக்கி வந்தது. இடையில் என் கையை நீட்டினேன். வலிக்கவில்லை. சின்ன விரலும் அடுத்ததும் தோலில் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் வலித்தது. இரத்தம் மஞ்சள் சட்டையில் கொட்டியது. இரண்டாம் வெட்டு அக்காவின் முதுகில் இறங்கியது. அவள் கத்தவில்லை, கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

செல்லையா மைக்கில், "விலகுங்க, விலகுங்க, இது புருஷன் பொண்டாட்டி விஷயம், யாரும் நடுவுல போகாதீங்க" என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆண்கள் நின்றார்கள். ஒருவன் என்னைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான்.

இலட்சுமி அக்கா நிற்கவில்லை. ஒரு பித்தளைக் குடம் மஞ்சள் தண்ணியை அவன் கண்ணில் அடித்தாள், பிறகு காலிக் குடத்தால் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். கத்தி விழுந்தது. அதற்கப்புறம் பெண்கள் அவன் மேல் விழுந்தார்கள். அவர்கள் விழுந்த பிறகு ஆண்களுக்கும் வீரம் வந்தது, அவர்களும் மிதித்தார்கள். மூக்கு உடைந்தது, பல் சிதறியது. ஒருவன் ஒவ்வொரு மிதிக்கும் "உன் வீடு எது, உன் வீடு எது" என்று கேட்டுச் சிரித்தான். எனக்கு அது இனித்தது. இனித்தது என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிய சிரிப்பாகக் கேட்டது. பத்து வருஷம் மேடையில் ஒவ்வொரு மிதிக்கும் கேட்ட சிரிப்பு.

"போதும். விடுங்க. அவரு செத்துப் போனா என் பேச்ச யாரு கேப்பா?" என்றாள் அக்கா. முதுகிலிருந்து இரத்தம் வழிய எழுந்து நின்றிருந்தாள். விட்டார்கள்.

த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவுக்கு முதுகில் பத்தொன்பது தையல், மண்டையில் ஆறு. எனக்கு ஒரு விரல் போயிற்று, ஒன்றைத் தைத்தார்கள். மறுநாள் காலை பொலிஸ்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அவள் கட்டிலுக்கு வந்தார். அவருக்கு முன்பே செல்லையா வந்து நின்றார். சுரேந்திரன் வேறு வார்டில் கிடந்தான்.

"மேக்க கெதர பிரஸ்னயக் நேத?" என்று பொலிஸ்காரர் கேட்டார். வீட்டுப் பிரச்சினைதானே என்று அர்த்தம். கேள்விக்கு முன்பே பாதிப் பதிலை எழுதிவிட்டார்.

செல்லையா தலையாட்டி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். தெஹியோவிட்ட டவுனில் தினமும் சிங்களத்தில் வியாபாரம் பேசுகிறவன். எனக்கு நன்றாகச் சொல்ல வரும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று தெரியும். மஹத்தயா, மே அபே அக்கா என்று, அதாவது ஐயா, இது எங்கள் அக்கா என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் கட்டுப் போட்ட கையைப் பிடித்து அழுத்தினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது.

"நீ வாய மூடு. நீங்களும்தான் தலைவரே. நான் சொல்றேன்."

அவள் சிங்களம் என்னுடையதைப் போல இல்லை, மலையில் பழகியது, திக்கித் திக்கி வரும். கலியாணமான முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள். எந்த நாள், எதால், எங்கே. பொலிஸ்காரர் இரண்டு தடவை, சரி சரி, நேற்று நடந்ததை மட்டும் சொல் என்றார். இரண்டு தடவையும் அவள் நிறுத்தி, அவர் பேசி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை; பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். அடிக்கடி ஒரு வார்த்தைக்குத் தடுமாறினாள். எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினாள். வாளி அடி விழுந்ததையும் காது போனதையும் சொல்லி முடித்தபோது, இவ்வளவுதானா என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இன்னும் இருக்கு. அப்ப அவரு சொல்லிச் சொல்லி அடிச்ச வசனம், இதோ நிக்கிறானே, இவன் மேடையில பத்து வருஷமா சொன்னது. அதையும் எழுதுங்க. பேரு வைக்கமாட்டேன்னு எங்கிட்ட வாக்குக் குடுத்துட்டு நேத்து மேடையில அவரு பேரச் சொன்னதும் இவன்தான். அதையும் எழுதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. உனக்காக விரலைக் கொடுத்தவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பகையில்லாமல், நான் உண்மையைச் சொல்வேனா என்று மட்டும் பார்க்கிற பார்வை.

பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ அப்படி என்ன சொன்னாய்?" என்றார்.

வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நர்ஸ்கள் நின்றார்கள். பழைய கதையை முதலிலிருந்து, மிதிகளோடு, அந்த வரி வரைக்கும் சிங்களத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் அதை அவ்வளவு மோசமாக நான் சொன்னதில்லை. சொல்லச் சொல்லப் பொலிஸ்காரர் எழுதினார். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பி, அக்கா கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே என் பேரைப் போடச் சொன்னார். இடது கையால் போட்டேன்.